பெட்டிக்காரர் ரேட் ஏத்தி லெட்டர் அனுப்பினா என்ன பதில் போடறது? (கேள்வி பதில்)

பொள்ளாச்சிலயும் கொழிஞ்சாம்பாறைலயுமா 19 வருஷம் பர்ச்சேஸ் பாத்திருக்கேங்க, அதுல அட்டைப்பெட்டி வாங்கினதுதான் ஜாஸ்தி. அதனால இன்னிக்கு பெட்டிய வெச்சே பேசலாம்.

"அக்கா, கொழிஞ்சாம்பாறைல நேந்திரம் சிப்ஸ் யூனிட். கோயமுத்தூர் பெட்டிக்காரர் 'பேப்பர் விலை ஏறிருச்சு, ஒண்ணாந்தேதில இருந்து 12% கூட'ன்னு ரெண்டு வரி மெயில் போட்டிருக்காரு. அஞ்சு பிளை, பெட்டி 30 ரூபா, மாசம் 4000 எடுக்கறோம். என்ன எழுதட்டும்?"

மொதல்ல எதும் எழுதாதீங்க, ஒரு பெட்டிய தராசுல வைங்க. நீங்க போட்டோல காமிச்ச பெட்டி 500 கிராம்னு வெச்சுக்குவோம், வெட்டறப்ப வீணா போறதையும் சேத்தா ஒரு பெட்டிக்கு 530 கிராம் பேப்பர் ஆகும். அப்புறம் அவருக்கு போன் போட்டு "கிலோவுக்கு எவ்ளோங்க ஏறுச்சு"ன்னு மட்டும் சாதாரணமா கேளுங்க, அதை மறைக்க மாட்டாங்க, ஏறுனதுதான அவங்களுக்கு காரணமே. 36ல இருந்து 39 ஆச்சுன்னு சொன்னா, 530 கிராமுக்கு மூணு ரூபா கணக்குல பெட்டிக்கு 1 ரூபா 60 காசு வருது. அவர் கேக்கறது 3 ரூபா 60 காசு. அப்ப மிச்சம் 2 ரூபா எதுக்குன்னு தெரியணுமில்ல, உங்க லெட்டரே அந்த 2 ரூபாய பத்திதான். இந்த மாதிரி எழுதுங்க:

"உங்கள் மெயில் கிடைத்தது. நீங்கள் சொன்ன பேப்பர் விலைப்படி எங்கள் 500 கிராம் பெட்டிக்கு சுமார் 1.60 ரூபாய் கூடுகிறது. மீதி 2 ரூபாய் பசை, கூலி, கரண்ட், லாரி வாடகை இதில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தரவும். ஏற்கனவே கொடுத்த ஆர்டர்கள் பழைய விலையிலேயே வர வேண்டும். புது விலை முடிவானால் அது குறைந்தது ஆறு மாதம் மாறாமல் இருக்க வேண்டும், அதற்கு நாங்கள் மாதம் 4000 பெட்டி உறுதி தருகிறோம். உங்கள் பதில் வந்தபின் விலையைப் பேசி முடிக்கலாம்."

எவ்ளோ குடுப்பீங்கன்னு இதுல சொல்லாதீங்க. நீங்க 32ன்னு எழுதினா 32ல இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும், எழுதாம விட்டா, அவர் பிரிச்சு காமிச்சப்புறம் கூலிக்கு 40 காசுதான் நியாயம்னு தெரிஞ்சா அந்த 32ஏ முடிவா வந்து நிக்கும். இன்னொண்ணு, பேச்சு முடியறதுக்குள்ள புது ரேட்ல பில் வந்தா அப்படியே பணம் போட்டுடாதீங்க, ஒரு பில் போயிருச்சுன்னா ஒத்துக்கிட்டீங்கன்னு ஆயிரும். பழைய ரேட்டுக்கு மட்டும் பணம் போட்டு, வித்தியாசம் பேச்சுல இருக்குன்னு அன்னிக்கே மெயில் போட்ருங்க.

"பேப்பர் 36ல இருந்து 39ன்னா 8%தான. 8%க்கு மேல தர முடியாதுன்னு ஒரே வரில முடிச்சுரலாமே?"

பேப்பர்ல இருந்து ஆரம்பிச்சீங்க பாருங்க, அது சரிங்க. ஆனா 30 ரூபா பெட்டில பேப்பர் 19 ரூபா சொச்சம்தான், அந்த 19க்குதான் 8%. மொத்தத்துக்கும் 8% குடுத்தா 2 ரூபா 40 காசு ஆகுது, பேப்பர் கணக்குக்கு மேல 80 காசு நீங்களா தூக்கி குடுத்த மாதிரி. நெறய பேரு இந்த எடத்துலதான் விடறாங்க.

"கம்பத்துல பெட்டி அடிக்கற யூனிட் வெச்சிருக்கேன், குமுளி ஏலக்கா கடைங்களுக்கு சப்ளை. பேப்பர் மில் பில்லை எவனுக்கும் காமிக்க மாட்டேன், தப்பா?"

தப்பே இல்லீங்கண்ணா. பில்லுல உங்க மில் பேரு, கிரெடிட் நாள் எல்லாம் இருக்கும், அது எங்களுக்கு வேண்டியதில்ல. கிலோ ரேட் போன தடவை என்ன, இப்ப என்ன, எந்த தேதில மாறுச்சுன்னு லெட்டர்ஹெட்ல ஒரு வரி குடுத்தா போதும். வாங்கறவங்களுக்கும் சொல்றேன், மூணு பெட்டிக்காரர்ட்ட ஒரே வாரத்துல கிலோ ரேட் கேட்டா உண்மை தானா தெரிஞ்சிரும், பில்லுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

"சித்தூர்ல கடை வெச்சிருக்கேன், ஓனர் வாடகை 15% ஏத்தறாரு, இதே லெட்டர் ஓடுமா?"

ஓடாதுங்க, வாடகைல பேப்பரும் கூலியும் பிரிக்க ஒண்ணுமில்ல. உங்க அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்கோ அதான் பேசும், அதை எடுத்து படிங்க மொதல்ல.

"ஆறு மாசம் எதுக்கு, ஒரு வருஷம் லாக் கேட்டா என்ன?"

கேக்கலாம், நானே கேட்டு வாங்கியிருக்கேன், அதுல பட்டது இருக்கு. ஒரு பெட்டிக்காரர் முகம் சுளிக்காம ஒரு வருஷம் ஒத்துக்கிட்டாரு, நானும் பெருமையா கையெழுத்து வாங்கிட்டேன். ஜூன்ல மழை புடிச்சதும் குடோன்ல அடுக்குல அடிப்பெட்டிங்க பக்கவாட்டுல பிதுங்குது, சிப்ஸ் பாக்கெட் நசுங்கி பாலக்காட்டு கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டாரு. ஈரம்னுதான் நெனச்சேன், ஈரம் ஏறினா பெட்டி கனக்கணும்ல, தராசுல வெச்சா 455 கிராம் நிக்குது. பேப்பர் ஏற ஏற அவரு ரேட்ட தொடாம கிராமை கொறச்சிட்டே வந்திருக்காரு. என் லெட்டர்ல விலை மட்டும்தான் இருந்துச்சு, எடை இல்ல, ஒண்ணும் பேச முடியல.

அதுல இருந்து லாக் லெட்டர்லயே பெட்டி எடை 500 கிராம், அஞ்சு கிராமோ பத்து கிராமோ முன்னபின்ன, ஒவ்வொரு லேயர் பேப்பரோட கனத்துக்கு ஜி.எஸ்.எம், பலத்துக்கு பி.எஃப் எல்லாம் எழுதிருவேன். லோடு எறங்கறப்ப வேற வேற கட்டுல இருந்து பத்து பெட்டி உருவி மொத்தமா எடை போடுவோம், அஞ்சு கிலோவுக்கு கீழ நல்லா எறங்குச்சுன்னா வண்டிய விடறதுக்கு முன்ன போன் போகும். மழைக்காலத்துல மட்டும் இந்த எடைய நம்பாதீங்க, ஈரம் குடிச்ச பெட்டி கொறஞ்ச பேப்பரையும் மறைச்சிரும், ரெண்டு நாள் உள்ள காய வெச்சு போடுங்க.

எத்தன மாசம்னா, அவரு எத்தன மாசத்துக்கு பேப்பர் வாங்கி வெக்க முடியுமோ அதுக்கு மேல தூரம் போனா ஒண்ணு இந்த மாதிரி கிராம் கொறையும், இல்ல நடுவுல கைய விரிச்சிருவாங்க. ஆறு மாசம் கேளுங்க, மூணு மாசத்துக்கு எறங்கி வருவாங்க, 15 நாள்ல பேமெண்ட்னு சொன்னா திரும்ப ஆறுக்கு ஏறுவாங்க. சின்ன யூனிட்டுக்கு எப்படியும் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதனால 30 நாளுன்னா அவருக்கு பெருசா தெரியாது, 15ன்னாதான் அசைவாரு.

"நடுவுல பேப்பர் எறங்கிட்டா லாக் போட்டவன் ஏமாந்தவனா?"

கிலோவுக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல ஏறினாலும் எறங்கினாலும் மறுபடி பேசலாம்னு ஒரு வரி சேத்துக்கலாம். என் கூட வேல பாத்தவங்களே அது வேண்டாம்பாங்க, ஏறுனா உடனே வந்து நிப்பாங்க, எறங்கினா நாமதான் ஞாபகப்படுத்தணும்னு. அவங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு. பேப்பர் உச்சத்துல இருக்கறப்ப நான் அந்த வரிய போட்ருவேன், கீழ இருக்கறப்ப போட மாட்டேன், ஆனா உச்சம் எதுன்னு ரெண்டு தடவை நானும் தப்பா கணிச்சிருக்கேன்.

"வாளையார் தாண்டி வருது, ஜி.எஸ்.டி. மாறுனா லாக் என்னாகும்?"

லாக் வரிக்கு முன்னாடி உள்ள விலைக்குதான்னு எழுதுங்க, வரி அன்னிக்கு என்னவோ அது. லாரி வாடகை உள்ள இருக்கா வெளியவான்னும் எழுதிக்குங்க, அதை விட்டா டீசல் ஏறுச்சுன்னு அடுத்த மாசமே இன்னொரு மெயில் வரும்.