கிட்ஆப்ஸ் சேவைக்குச் சந்தா கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் செயலிகள் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் ஓடுகின்றன. "முழுமையான கிட்ஆப்ஸ்" தருவதாக ஒரு நிறுவனம் ஆண்டுச் சந்தா கேட்கிறது. எங்கள் கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே கிட்டில்தான் உள்ளன, பைப்லைனும் இருக்கிறது. புதிதாக என்ன கிடைக்கும்? வாங்கலாமா?

பதில்: கோப்புகள் கிட்டில் இருப்பதால் மட்டும் அது கிட்ஆப்ஸ் ஆகிவிடாது. உங்கள் பைப்லைன் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒருமுறை ஓடி, `kubectl apply` மூலம் மாற்றத்தைக் கிளஸ்டருக்குள் தள்ளிவிட்டு நின்றுவிடுகிறது என்று கொள்கிறேன். அதன் பிறகு யாராவது கிளஸ்டரில் நேரடியாகக் கைவைத்தால் அது பைப்லைனுக்குத் தெரியாது. கிட்ஆப்ஸில் ஒரு கன்ட்ரோலர் நிரந்தரமாக ஓடிக்கொண்டு, கிட் களஞ்சியத்தில் எழுதியிருப்பதையும் கிளஸ்டரில் உண்மையில் இருப்பதையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் கிளஸ்டரைக் களஞ்சியத்தின் வழிக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் பணம் கொடுப்பது இந்த ஒப்பீட்டுக்காகத்தான் என்பதால், அது நடக்கிறதா என்பதை விற்பவரின் செயல்விளக்கத்திலேயே சோதித்துவிடுங்கள்.

களஞ்சியத்தில் `web` என்ற டெப்ளாய்மென்ட்டுக்கு `replicas: 3`, அதாவது செயலியின் மூன்று பிரதிகள் ஓட வேண்டும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் முன்னிலையிலேயே இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
kubectl scale deployment/web --replicas=5
```

பிரதிகளின் எண்ணிக்கை சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானாக 3-க்குத் திரும்பினால் கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்கிறது. அவர்கள் தருவது ஆர்கோ சிடி என்ற கன்ட்ரோலரை அடிப்படையாகக் கொண்டதாக இருந்தால், களஞ்சியத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற பொருளில் திரையில் `OutOfSync` என்று மட்டும் காட்டிவிட்டு 5 அப்படியே நிற்கவும் கூடும். தானியங்கி ஒத்திசைவை இயக்கினாலும், கிளஸ்டரில் நேரடியாகச் செய்த மாற்றத்தைத் திருத்துவதும், களஞ்சியத்தில் நீக்கியதைக் கிளஸ்டரில் நீக்குவதும் அதில் இயல்பாக அணைக்கப்பட்டே இருப்பதுதான் காரணம். இரண்டையும் நாமே கேட்டு இயக்க வேண்டும்:

```yaml
syncPolicy:
  automated:
    prune: true
    selfHeal: true
```

`selfHeal` இல்லாதபோது வரும் தொல்லை உடனே கண்ணில் படாது. நெரிசலான ஒரு நாளில் உங்கள் பொறியாளர் 5 ஆக உயர்த்துகிறார். எல்லாம் நன்றாக ஓடுகிறது. பல நாள் கழித்து வேறொருவர் தொடர்பே இல்லாத ஒரு வரியைத் திருத்திக் கமிட் செய்ய, அந்த ஒத்திசைவில் எண்ணிக்கையும் சேர்ந்து 3-க்கு இறங்கிவிடுகிறது. சேவை ஏன் திணறுகிறது என்று அந்தக் கமிட்டைப் புரட்டிப் பார்த்தாலும் அதில் விடை இருக்காது. `prune` இல்லையென்றால், நீங்கள் கோப்பை அழித்த பிறகும் அந்தச் செயலி கிளஸ்டரில் ஓடி, வளங்களைத் தின்றுகொண்டே இருக்கும்.

`selfHeal` இயக்கத்தில் இருக்கும்போது ஒரு சிக்கலை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். பாட்கள் எனப்படும் இந்தப் பிரதிகளின் எண்ணிக்கையைச் சுமைக்கேற்ப மாற்றும் தானியங்கி அமைப்பையும் (HPA) நீங்கள் வைத்திருந்தால், அது உயர்த்துவதை கன்ட்ரோலர் இறக்க, இரண்டும் ஓயாமல் மோதிக்கொள்ளும். `replicas` வரியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவதே சரியான வழி. ஆனால் முன்பு அந்த வரியோடு `apply` செய்திருந்தால், அதை நீக்கும் நொடியில் எண்ணிக்கை இயல்பு மதிப்பான 1-க்கு விழ வாய்ப்புண்டு என்பதால், நெரிசல் இல்லாத நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். இதை நீங்கள் கேட்கும் முன்பே விற்பவர் எடுத்துச் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம்.

இனி பணம். ஆர்கோ சிடி, ஃப்ளக்ஸ் என்ற இரண்டு முக்கிய கன்ட்ரோலர்களும் திறமூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆகவே சந்தாவுக்கு ஈடாக வருவது பராமரிப்பு, பதிப்பு மேம்படுத்தல், அனுமதி மேலாண்மை, இரவில் அழைத்தால் பேசும் ஆள் ஆகியவையே. ஒரே கிளஸ்டரும் அதைக் கவனிக்க ஓரிரு பொறியாளர்களும் உங்களிடம் இருந்தால், முதலில் நீங்களே நிறுவிப் பார்ப்பது நல்லது என்பதே என் கருத்து. கிளஸ்டர்கள் பெருகிய பின் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், களஞ்சியம் உங்கள் கணக்கில், உங்கள் உரிமையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கன்ட்ரோலர் எங்கே ஓடும் என்றும் கேளுங்கள். உங்கள் கிளஸ்டருக்குள்ளேயே ஓடினால், களஞ்சியத்தைப் படிக்கும் அனுமதி அதற்குப் பெரும்பாலும் போதும். கிளஸ்டரின் சாவி வெளியே போகாது. அவர்களுடைய மையக் கிளஸ்டரில் ஓடினால் உங்கள் கிளஸ்டரின் நிர்வாகச் சாவி அவர்கள் கையில் இருக்கும்.

கிட்ஆப்ஸ் என்ற பெயரை 2017-இல் அறிமுகப்படுத்திய வீவ்வொர்க்ஸ் நிறுவனமே 2024-இல் மூடப்பட்டது. அது உருவாக்கிய ஃப்ளக்ஸ், திறமூலத் திட்டமாக இருந்ததால் இன்றும் தொடர்கிறது. உங்களுக்கு விற்பவரின் கன்ட்ரோலர் அவருடைய தனியுரிமை மென்பொருளாக இருந்தால், சந்தா நின்ற மறுநாள் கிளஸ்டரில் என்ன ஓடும், எது நிற்கும் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிய பின்பே கையெழுத்திடுங்கள்.