8 மி.மீ. வட்ட நிழல்: காம்பா, விலாவா, முடிச்சா?

கேள்வி: நெஞ்சு எக்ஸ்ரேயில் (பி.ஏ. படம்) வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சுமார் 8 மி.மீ. வட்ட நிழல் ஒன்று தெரிகிறது. இடப்பக்கம் அப்படி எதுவும் இல்லை. அருகில் இரண்டு விலா எலும்புகள் குறுக்கிடுகின்றன. நோயாளி 46 வயது ஆண், புகைப்பழக்கம் இல்லை. இது முலைக்காம்பு நிழலா, விலா எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததா, உண்மையான முடிச்சா? உடனே சி.டி.க்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: உடனே அனுப்ப வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. முலைக்காம்புகளில் குறி ஒட்டி இன்னொரு பி.ஏ. படம் எடுத்தாலே உங்கள் கேள்வியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு முன், கையில் இருக்கும் படத்திலேயே நிழலின் விளிம்பைப் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள். அளவையும் இடத்தையும் விட விளிம்புதான் அதிகம் சொல்லும்.

காற்றும் திசுவும் சந்திக்கும் பரப்பை எக்ஸ் கதிர் உரசிக்கொண்டு செல்லும் இடத்தில்தான் படத்தில் கூர்மையான கோடு விழும். முலைக்காம்பு உடலுக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தட்டில் நெஞ்சு அழுந்தும்போது பெரும்பாலும் அதன் வெளிப்பக்கத்தை மட்டும் காற்று சூழ்ந்திருக்கும். ஆகவே அந்த நிழலின் வெளி விளிம்பு பென்சிலால் வரைந்ததுபோல் தெளிவாகவும், நடுக்கோட்டை நோக்கிய உள் விளிம்பு கரைந்து மறைவதாகவும் அமைவது வழக்கம். சில படங்களில் நிழலைச் சுற்றி மெல்லிய கருமையான வளையமும் தென்படும். முழுக்க நுரையீரலுக்குள் கிடக்கும் முடிச்சு எல்லாப் பக்கமும் காற்றால் சூழப்பட்டிருப்பதால் இப்படிப் பாதி விளிம்பை மட்டும் இழப்பது அரிது. அதன் விளிம்பு மங்கலாக இருந்தாலும் சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு மங்கலாகத்தான் இருக்கும்.

அளவிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. சுண்ணாம்பு ஏறாத முடிச்சு ஏறத்தாழ 9 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் சாதாரண நெஞ்சுப் படத்தில் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. எனவே 8 மி.மீ. நிழல் ஒன்று பளிச்சென்று தெரிந்தால், ஒன்று அதில் சுண்ணாம்பு படிந்திருக்க வேண்டும், அல்லது அது நுரையீரலுக்கு வெளியே காற்று சூழ்ந்த ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஐயம் முதலில் எழுவது நியாயம். தோலில் உள்ள மருவும் மச்சமும் இதே வேடம் போடும் என்பதால், படத்தை ஓரமாக வைத்துவிட்டு நோயாளியின் நெஞ்சையும் முதுகையும் ஒருமுறை நேரில் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த வேலை வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி விட்டுப்போகிறது.

இடப்பக்கம் நிழல் இல்லை என்பதை முலைக்காம்புக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளி சிறிதே திரும்பி நின்றிருந்தாலும் ஒரு காம்பு தட்டில் அழுந்தித் தட்டையாகி மறைந்துவிடும். மற்றது காற்றில் நின்று நிழல் தரும். பழைய படத்தில் இந்த நிழல் இல்லாதிருந்தாலும் இதே காரணத்தால் அது புதிதாக முளைத்தது என்று முடிவுகட்ட இயலாது. மாறாக, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால் அது மிகுந்த ஆறுதல் தரும் செய்தி.

விலா எலும்புகளைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லும் இடத்தில் ஐந்தாவது விலாவின் முன்பகுதி, எட்டாவது அல்லது ஒன்பதாவது விலாவின் பின்பகுதியைக் குறுக்காகக் கடந்து செல்லும். இரண்டு எலும்புகளின் அடர்த்தியும் கூடும் அந்தப் பரப்பு சாய்சதுர வடிவில் வெளுத்துத் தெரியும். அதன் நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாக வெளிநோக்கிப் பின்தொடர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு பக்கமும் ஏதேனும் ஒரு விலாவின் விளிம்பாகத் தொடர்ந்து சென்றால் அது வெறும் குறுக்கீடுதான். நிழலின் வளைவு விலாக்களின் விளிம்பைத் தாண்டி இடைவெளிக்குள் புடைத்து நின்றால் குறுக்கீடு என்ற விளக்கம் அங்கே போதாது. உங்கள் படத்தில் நிழல் வட்டமாகவும் குறுக்கீட்டுக்கு அருகிலும்தான் இருக்கிறது, அதன்மேல் அமையவில்லை என்றால் இந்த வாய்ப்பை இங்கேயே விலக்கிவிடலாம். ஐயம் நீடித்தால், குழாயைச் சற்றுச் சாய்த்தோ நோயாளியைச் சிறிது திருப்பியோ எடுத்த படத்தில் முன்விலாவும் பின்விலாவும் ஒன்றைவிட்டு ஒன்று விலக, அந்தச் சாய்சதுரம் இடம் மாறியோ கலைந்தோ போகும்.

இனி குறி ஒட்டிய படம். ஐயம் ஒரு பக்கத்தில்தான் என்றாலும் இரு காம்புகளிலும் குறி ஒட்டுங்கள். மறுபக்கக் குறி எங்கே விழுகிறது என்பது நிற்கும் நிலையைச் சரிபார்க்க உதவும். திண்ணிய ஈயக் குண்டைவிட மெல்லிய கம்பி வளையம் நல்லது, ஏனெனில் குண்டு தன் பின்னால் உள்ளதை மறைத்துவிடும், வளையத்தின் நடுவே நிழல் தெரியும். முதல் படம் எடுத்த அதே நிலையில், அதே தூரத்தில், அதே அளவு ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தி எடுக்க வேண்டும். மூச்சின் ஆழம் மாறினால் நெஞ்சுச் சுவரும் நுரையீரலும் வெவ்வேறு அளவில் நகர்ந்து ஒப்பீட்டைக் குழப்பிவிடும்.

உங்கள் நோயாளியின் படத்தில் வெளி விளிம்பு கூர்மை, உள் விளிம்பு மங்கல் என்று வைத்துக்கொள்வோம். புதிய படத்தில் வளையம் சரியாக அந்த நிழலைச் சூழ்ந்து விழுந்தால் அது காம்பு என்று ஏற்கலாம். வளையம் ஒரு செ.மீ. தள்ளி விழ, நிழல் பழைய இடத்திலேயே நின்றால் அது காம்பு இல்லை. அடுத்த படி சி.டி.தான். வளையம் இருக்க நிழலே காணாமற்போனால் குறுக்கீடாகவோ, முதல் படத்தில் மட்டும் விறைப்பாக நின்ற காம்பாகவோ இருக்கலாம், ஆனால் இரு படங்களின் நிலையும் மூச்சும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

வளையத்துக்குள் நிழல் விழுந்த பின்னும் ஒரு சிறு சந்தேகம் எஞ்சும்: காம்புக்கு நேர்பின்னால் உண்மையான முடிச்சு ஒன்று ஒளிந்திருந்தால்? குறியை எடுக்காமலே நோயாளியைச் சுமார் 10 பாகை திருப்பி ஒரு சாய்வுப் படம் எடுத்தால், காம்பின் நிழல் வளையத்தோடு சேர்ந்தே நகரும். முடிச்சு பெரும்பாலும் வளையத்தை விட்டுப் பிரியும். குறி இல்லாமல் இந்தத் திருப்பலை மட்டும் நம்புவது சரியன்று, ஏனெனில் நுரையீரலின் முன்பகுதியில் உள்ள முடிச்சும் காம்பைப் போலவே முன்விலாக்களோடு சேர்ந்து நகரும்.

குறிப் படத்தின் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், வழக்கமான நெஞ்சு சி.டி.யில் அது சில மில்லிசீவர்ட் வரை போகும். அதனால்தான் இந்த வரிசை. ஆயினும் நோயாளி நீண்டகாலம் புகைத்தவராகவோ, வேறிடத்தில் புற்றுநோய் இருந்தவராகவோ, சளியில் இரத்தம் வருபவராகவோ இருந்தால் குறிப் படத்தின் முடிவுக்காகக் காத்திராமல் நான் சி.டி.யே கேட்பேன். அத்தகையவரிடம் நெஞ்சுப் படம் சரியாக இருப்பதே போதிய உறுதி ஆகாது.

முடிவு காம்பு என்று வந்தால் அறிக்கையில் ‘முடிச்சு இல்லை’ என்று மட்டும் எழுதி விடாமல், எந்தப் பக்கம், எத்தனையாவது முன்விலாவின் அருகில், குறிப் படத்தில் உறுதியானது என்று தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த படத்தில் நிழல் வலப்பக்கம் மறைந்து இடப்பக்கம் தோன்றும்போது, அதைப் படிப்பவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.