ரியாலா, ரியாலாத்தா?

மதிப்பிற்குரிய ஐயா,
ஏழு மாதமாக அரபு படிக்கிறேன். மூன்று புத்தகம் என்றால் அரபு பன்மை கேட்கிறது; நூறு புத்தகம் என்றால் ஒருமை கேட்கிறது. எண் கூடக் கூட ஒருமையா? இதில் தர்க்கம் ஏதும் உண்டா? நூறைக் குறிக்கும் ‘மிஅ’வில் படிக்கப்படாத அலிஃப் எதற்கு? பெரிய எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து சொல்வது?
ஒரு வாசகர், தம்மாம்

அன்புள்ள தம்பி,

அலிஃப் பழைய எழுத்து வழக்கு. புள்ளியிடாத காலத்தில் ‘மின்ஹு’ என்ற சொல்லோடு குழம்பாமலிருக்கச் சேர்த்தார்கள் என்பது மரபான விளக்கம். இன்று அதை விட்டுவிட்டு எழுதுவோரும் உண்டு. எந்தப் பக்கம் என்றால் இரண்டும் சரிதான். இன்றைய வழக்கில் ஆயிரம், நூறு, ஒற்றை, பத்து என்ற வரிசை. இவற்றுக்காக மெனக்கெடாதீர்கள்.

ஆனால் ‘தர்க்கம் உண்டா’ என்று கேட்டீர்களே, அதற்கு உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். ‘நூறு மரம் நட்டான்’ என்று நம் வீட்டில் சொல்லும்போது தர்க்கத்தைத் தேடினீர்களா? நூறு என்று சொன்ன பிறகு பன்மையை மரமும் ஏன் சுமக்க வேண்டும்?

உங்கள் கடிதம் ஜித்தாவில் கணக்குப் பிரிவொன்றில் ரசீது எழுதிய என் இளமைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் 4,250 ரியாலைச் சரியாக எழுதினேன்: ‘அர்பஅத்து ஆலாஃபின் வ மிஅத்தானி வ கம்ஸூன ரியாலன்’. மறுநாள் 4,205 வந்தது. நேற்றைய தாளைப் பார்த்து ஐம்பதை ஐந்தாக்கி, கடைசிச் சொல்லை அப்படியே ‘ரியாலன்’ என்று விட்டுவிட்டேன். எங்கள் மூத்த கணக்கரான சூடான்காரர் தாளின் முன்பகுதியை உள்ளங்கையால் மூடினார். “இப்போது என்ன தெரிகிறது?” ஐந்து ரியால் என்றேன். “அப்படியானால் ஐந்துக்கு உரிய மரியாதையைக் கொடு” என்றார். மூன்று முதல் பத்து வரை எண்ணப்படும் பொருள் பன்மையில் நிற்கும். எனவே ‘கம்ஸத்து ரியாலாத்தின்’. பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒருமையும் ‘அன்’ ஈறும். எனவே நேற்றைய ‘ரியாலன்’. நூறும் ஆயிரமும் கடைசியில் நின்றால் ஒருமையும் ‘இன்’ ஈறும், ‘மிஅத்து ரியாலின்’. இந்த ‘இன்’ நம் ‘இன்’ உருபைப் போலவே உடைமைப் பொருளில் வருவது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்க உதவும்.

ஆகவே தொகை எவ்வளவு பெரிது என்பதைப் பொருட்பெயர் பார்ப்பதே இல்லை. தன் தோளை உரசி நிற்கும் எண்ணை மட்டும் பார்க்கிறது. 4,200 என்றால் பக்கத்தில் இருநூறு நிற்கிறது. ‘மிஅத்தானி’ தன் ‘னி’யை இழந்து ‘மிஅத்தா ரியாலின்’ ஆகிறது. 4,000 என்றால் ‘அர்பஅத்து ஆலாஃபி ரியாலின்’. அலுவலகப் பேச்சில் ஈறுகளை யாரும் உச்சரிப்பதில்லை என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் ரியாலாத்துக்கும் ரியாலுக்கும் உள்ள வேறுபாடு கடைத்தெருவிலும் கேட்கிறது. பேசும்போது ‘கம்ஸ் ரியாலாத்’, ‘கம்ஸீன் ரியால்’ என்பார்கள்.

நீங்கள் இன்னும் கவனிக்காத ஒன்று இதற்குள் இருக்கிறது. ஆயிரம் என்பதே எண்ணப்படும் ஒரு பொருள்தான். மூன்று புத்தகம் பன்மை பெறுவதுபோல் மூன்றாயிரமும் பெறுகிறது: ‘ஸலாஸத்து ஆலாஃப்’. பதினொன்றாயிரத்தில் ஆயிரம் ஒருமைக்குத் திரும்புகிறது: ‘அஹத அஷர அல்ஃபன்’. லட்சம் ‘மிஅத்து அல்ஃபின்’, அதாவது ஆயிரத்தின் நூறு. மில்லியனும் அதே வழிதான். மூன்று மில்லியன் ரியால் ‘ஸலாஸத்து மலாயீனி ரியாலின்’, ஐம்பது மில்லியன் ரியால் ‘கம்ஸூன மில்யூன ரியாலின்’. முன்னெண் மில்லியனை ஆள்கிறது, மில்லியன் ரியாலை ஆள்கிறது. நூறு மட்டும் அடம்பிடிக்கும்: முந்நூறு ‘ஸலாஸு மிஅ’ என்று ஒருமையிலேயே நிற்கும். அங்கே ‘ஸலாஸத்து’ வராததும் சரியே. மிஅ பெண்பால், அல்ஃப் ஆண்பால், மூன்று முதல் பத்து வரை எண் எதிர்ப்பாலைத்தான் உடுத்தும். முந்நூறு ரியாலா முந்நூறு காரா என்பது அந்த மூன்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

சூடான்காரர் விடைபெறும் வாரத்தில் 4,201 எழுதச் சொன்னார். நான் ‘வாஹிது ரியால்’ என்று தொடங்கியதும் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றும் இரண்டும் அரபியில் பொருளுக்கு முன்னால் நின்று எண்ணுவதில்லை. பெயரே ஒருமையில் அல்லது இருமையில் நின்று கணக்கைச் சொல்லிவிடும். எனவே ‘அர்பஅத்து ஆலாஃபின் வ மிஅத்தா ரியாலின் வ ரியாலுன்’, ரியால் இருமுறை. “இதை நீ சிறுவயதிலேயே கேட்டிருப்பாய்” என்றார் அவர். எனக்குப் புரியவில்லை. “அல்ஃப் லைலா வ லைலா” என்றார்: ஆயிரம் இரவும், ஓர் இரவும். நாம் அதை ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்று சொல்லிச் சொல்லி, தனியே நின்ற அந்தக் கடைசி இரவைக் கூட்டத்தில் கரைத்துவிட்டோம்.