லேபிளில் கொழுப்பு இல்லை: கணக்கிடுவது எப்படி?

முறுக்குப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 520 கலோரி, புரதம் 8 கிராம், மாவுச்சத்து 58 கிராம் என்று மட்டும் இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு?

புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. ஆகவே புரதத்தில் 32, மாவுச்சத்தில் 232, மொத்தம் 264. இதை 520-இலிருந்து கழித்தால் 256 மிஞ்சும். அதை 9-ஆல் வகுத்தால் 28 கிராமுக்குச் சற்று அதிகம்.

இத்துடன் நிறுத்திவிடாமல் எடையையும் கூட்டிப் பாருங்கள். 8, 58, 28 சேர்ந்தால் 94 கிராம். மீதி 6 கிராம் ஈரமும் உப்பும் நாரும் என்றால் பொரித்த பண்டத்துக்குப் பொருந்துகிறது. கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினாலோ, உலர்ந்த பண்டத்தில் 70-க்கே நின்றாலோ எங்கோ பிழை இருக்கிறது. பெரும்பாலும் கலோரியை 100 கிராமுக்கும், மற்றவற்றை ஒரு பரிமாறலுக்கும் எடுத்திருப்போம்.

30 கிராம் தானிய அவலுக்கு 110 கலோரி, புரதம் 2, மாவுச்சத்து 25. கணக்குப்படி கொழுப்பு 0.2 கிராம்தான். அப்படியானால் கொழுப்பே இல்லை என்று கொள்ளலாமா?

கூடாது. லேபிள் எண்கள் முழுமையாக்கப்பட்டவை. 110 என்பது 105 முதல் 115 வரை எதுவாகவும் இருக்கலாம், 2 கிராம் என்பது ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை, 25-உம் அப்படியே. கழித்து எடுக்கும் எண் என்பதால் இத்தனை பிழையும் கொழுப்பின் தலையில்தான் விழும். உங்கள் அவலில் கொழுப்பு பூஜ்யமாகவும் இருக்கலாம், 1.2 கிராமாகவும் இருக்கலாம். முறுக்கின் 28 கிராமில் ஒரு கிராம் பிசகினால் பாதகமில்லை. இங்கே அதுவே விடையை அழித்துவிடுகிறது. 100 கிராம் கணக்கு அச்சிட்டிருந்தால் அதையே எடுங்கள். பிழை வெகுவாகக் குறையும்.

புரத பார் ஒன்றில் 190 கலோரி, புரதம் 20, மாவுச்சத்து 23, அதில் நார்ச்சத்து 13. கொழுப்பு 2 கிராம் என்று வருகிறது. ஆனால் கடித்தால் வேர்க்கடலை வெண்ணெய் பல்லில் ஒட்டுகிறது!

உங்கள் சந்தேகம் சரி. நார்ச்சத்துக்கும் 4 கலோரி போட்டதுதான் பிழை. அதற்குச் சுமார் 2 என்பதே வழக்கம். புரதம் 80, நார் நீங்கிய 10 கிராம் மாவுச்சத்து 40, நார் 26, ஆக 146. மிச்சம் 44, கொழுப்பு ஏறத்தாழ 5 கிராம். உற்பத்தியாளர் நாருக்கு எந்த எண்ணைப் பயன்படுத்தினார் என்பது லேபிளில் தெரியாது. அதனால் 2 முதல் 5 வரை என்றே குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாத இனிப்புகளிலும் இதே சிக்கல்தான். எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி மாவுச்சத்துக் கணக்கில் ஏறும், கலோரி ஏறக்குறைய தராது. கழித்தால் விடை எதிர்மறையாக வந்து நிற்கும்.

ஐரோப்பிய லேபிள்களில் மாவுச்சத்து என்ற வரியில் நார் சேர்வதில்லை. அங்கே நாரை மாவுச்சத்திலிருந்து கழிக்காமல், அதன் கலோரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கிலோஜூலில் மட்டும் இருந்தால்?

4.184-ஆல் வகுத்தால் கலோரி கிடைத்துவிடும்.