மைல்ஸ்டோனுக்கு ஏன் நாள் கிடையாது? ஷெட்யூல் போடுபவர்களின் கேள்விகள், பதில்கள்

புதிதாகக் குழுத் தலைமை ஏற்றவர்: சார், பழைய கணக்கு மென்பொருளில் இருந்து புதியதற்குத் தரவை மாற்றும் திட்டம் எங்களுடையது. ஷெட்யூலில் "தரவு மாற்றம்" என்று ஒரு வரி, 5 நாள், மைல்ஸ்டோன் என்று குறித்திருக்கிறோம். மைல்ஸ்டோனுக்கு எப்படி நாள் வரும் என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். முக்கியமான வேலை என்பதால்தானே அப்படிக் குறித்தோம்?

பதில்: முக்கியம் என்பதற்காக ஒரு வேலை மைல்ஸ்டோன் ஆகிவிடாது. அந்த 5 நாளும் யார், என்ன செய்கிறார்கள் என்று உங்கள் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அது டாஸ்க். மைல்ஸ்டோனை யாரும் உட்கார்ந்து செய்வதில்லை. பல பேர் செய்த வேலைகளின் முடிவில் ஒரு நிலை உண்டாகிறது, அவ்வளவுதான். நேற்று வரை அந்த நிலை இல்லை, இன்று இருக்கிறது. நடுவில் நாள் எதுவும் இல்லாததால் அதன் காலம் பூஜ்யம்.

உங்கள் வரியையே பிரித்துப் பார்ப்போம். சோதனை ஏற்றத்துக்கு 6 நாள், சரிபார்ப்புக்கு 4 நாள் என்று அதற்கு முன்னால் இரண்டு டாஸ்க் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு உங்கள் 5 நாள் "மைல்ஸ்டோன்". ஆகப் பதினைந்தாம் நாள் முடிவு, பதினாறாம் நாள் பயனர் பயிற்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 5 நாளில் என்ன நடக்கும் என்று தோண்டினால் பெரும்பாலும் வரும் பதில், "பிழை திருத்துவோம், அப்புறம் வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொள்வார்" என்பதாக இருக்கும். திருத்தத்துக்கே 5 நாள் போய்விடும். வாடிக்கையாளரின் நிதிப் பிரிவு பார்த்து முடிக்க இன்னும் 3 நாளாவது வேண்டும். அந்த 3 நாள் யார் கணக்கிலும் இல்லை. "பிழை திருத்தம், 5 நாள்", "வாடிக்கையாளர் பரிசீலனை, 3 நாள்" என்று இரண்டு டாஸ்க்காக எழுதி, இரண்டுக்கும் பொறுப்பாளர் பெயர் போட்டு, கடைசியில் "மாற்றிய தரவு ஏற்கப்பட்டது, 0 நாள்" என்று வையுங்கள். மைல்ஸ்டோன் பதினெட்டாம் நாள் முடிவில் வரும், பயிற்சி பத்தொன்பதாம் நாள் தொடங்கும். திட்டம் 3 நாள் நீண்டதாக மேலாளர் முகம் சுளிப்பார். அது நீளவில்லை, முன்பே அவ்வளவு நீளம்தான், இப்போதுதான் வெளியே தெரிகிறது.

ஒருவர்: 0 நாள் என்றால் ஷெட்யூல் கணக்கில் அதற்கு வேலையே இல்லையே. மேலிட அறிக்கைக்காக வைப்பதுதானே? நாங்கள் எல்லா மைல்ஸ்டோன்களையும் கடைசியில் தனியாக எழுதி, ஒப்பந்தத் தேதியைக் கையால் போட்டுவிடுவோம்.

பதில்: பாதி சரி. மைல்ஸ்டோன் கணக்கில் ஒரு நாளைக்கூடக் கூட்டாது. ஆனால் முன்னால் உள்ள வேலைகள் இழுத்தால் அதுவும் நகர வேண்டும், தனக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து நகர்த்த வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் இணைப்பு வேண்டும். நீங்கள் வைத்திருப்பவை எதனுடனும் கட்டப்படாதவை. சரிபார்ப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் மைல்ஸ்டோனைக் காட்டும் உங்கள் வைர அடையாளம் அதே தேதியில் அசையாமல் நிற்கும். மேலிடம் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொள்ளும்.

கணக்கிலும் அதற்கு ஒரு பயன் உண்டு. நான்கு வேலைகள் முடிந்தால்தான் வேறு ஐந்து வேலைகள் தொடங்க முடியும் என்றால், நேரடியாக இணைக்க 20 கோடுகள் வேண்டும். நடுவில் ஒரு மைல்ஸ்டோன் வைத்தால் 9 போதும். ஷெட்யூலைப் பிறகு திருத்தப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஒப்பந்தத் தேதியும் தெரியத்தான் வேண்டும், மறுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் அதற்கு `Must Finish On` போடுவதைவிட `Deadline` போடுவது நல்லது. முதலாவது மைல்ஸ்டோனை அந்தத் தேதியிலேயே ஆணி அடித்துவிடும். தாமதம் எதிர்மறை ஃப்ளோட்டாக, அதாவது தள்ளிப்போடக் கையில் இருக்கும் நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனதாக, முந்தைய வேலைகளில் ஒளிந்திருக்கும், அதைக் காட்டும் பத்தியைத் திறந்து பார்க்காதவருக்குத் தெரியாது. இரண்டாவதில் மைல்ஸ்டோன் உண்மையான தேதிக்கு நகர்ந்துவிடும், கெடு தாண்டினால் பக்கத்தில் சிவப்புக் குறி வரும்.

சோதனைப் பிரிவில் இருப்பவர்: எங்கள் கூட்டங்களில் "சோதனை நிறைவு" மைல்ஸ்டோன் வாராவாரம் 90% என்றே ஓடுகிறது. 0 நாள் என்று மாற்றியும் இதே கதைதான். என்ன செய்தால் நிற்கும்?

பதில்: காலத்தை மட்டும் பூஜ்யம் ஆக்கினால் நிற்காது. எப்போது "ஆம்" சொல்லலாம் என்று எங்கும் எழுதவில்லை, அதனால்தான் சதவீதம் உள்ளே புகுந்துவிடுகிறது. மைல்ஸ்டோனுக்கு 0 அல்லது 100, வேறு எண் கிடையாது. 90 என்று யாராவது சொன்னால் அவர் அதற்கு முந்தைய டாஸ்க்கைப் பற்றிப் பேசுகிறார். எண்ணை அங்கே எழுதச் சொல்லுங்கள்.

முதல் கேள்வியில் வந்த தரவு மாற்றத்தையே எடுத்துக்கொள்கிறேன். "தரவு மாற்றம் சரியாக முடிந்தது" என்பது சோதனையே அல்ல. சரியா என்று யார் பார்ப்பது, எதை வைத்து? இப்படி எழுதினால் எப்படி இருக்கும் பாருங்கள்: "மாத இறுதியில் பூட்டிய பிரதியில் உள்ள 4,200 வாடிக்கையாளர் கணக்குகளின் இறுதி இருப்பும் புதிய மென்பொருளில் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதவை தனிப் பட்டியலில் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் நிதித் தலைவர் காரணத்தை ஏற்றுக் கையெழுத்திட்டுள்ளார். ஒப்பீட்டு அறிக்கை திட்டக் கோப்பில் உள்ளது."

இப்போது 4,188 ஒத்துப்போகிறது, 12 ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். பழைய வாசகத்தை வைத்துக்கொண்டு இந்த 12-க்காக ஒரு மணி நேரம் வாதாடலாம். புதிய வாசகத்தில் அந்த 12-க்குக் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இருந்தால் நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை. "பூட்டிய பிரதி" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பழைய மென்பொருளில் தினமும் பதிவு ஏறிக்கொண்டிருந்தால் இருப்பு என்றைக்கும் ஒத்துப்போகாது. நகரும் இலக்கை வைத்து எந்தச் சோதனையும் முடியாது.

நான் ஒரு வாசகத்தை ஏற்பதற்கு முன் செய்து பார்ப்பது இதுதான்: திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் அந்த வாசகத்தையும் கோப்பையும் கொடுத்தால், யாரையும் கேட்காமல் ஆம் இல்லை சொல்ல முடிகிறதா? "திருப்திகரமாக", "பெரும்பாலும்", "அடிப்படையில்" போன்ற சொற்கள் இருந்தால் முடியாது. வேலை தொடங்கும் முன்பே இந்த வாசகத்தை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தேதி நெருங்கியபின் எழுதினால், கையில் என்ன முடிந்திருக்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் வாசகம் வரும்.

கட்டுமானத்தில் இருப்பவர்: எங்கள் ஒப்பந்தத்தில் மைல்ஸ்டோன் வந்தால் பணம். மூன்றாம் தளக் கூரைக்குக் கான்கிரீட் போட்டாச்சு. பில் போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: பில் போடலாமா என்பதை ஒப்பந்த வாசகம்தான் சொல்லும், நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. "கூரை முடிந்தது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வார்ப்பு முடிந்த நாள் ஒன்று. கனசதுர மாதிரிகளை 28 நாளில் உடைத்துப் பார்த்து வலிமை போதும் என்று தெரிந்த நாள் இன்னொன்று. நீங்கள் முதல் அர்த்தத்தில் பில் போடுவீர்கள், அவர்கள் இரண்டாவதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தளத்துக்காவது இரண்டு மைல்ஸ்டோன்களாகப் பிரித்து, எதற்கு எவ்வளவு பணம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இடையிலுள்ள காத்திருப்பையும் மைல்ஸ்டோனுக்குள் திணிக்காமல் தனி வரியாக எழுதுங்கள், அதுவும் ஞாயிறையும் எண்ணும் காலண்டரில். கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது.

ப்ரைமவேரா என்ற ஷெட்யூல் மென்பொருளில் வேலை பார்ப்பவர்: அண்ணா, கேள்வி இல்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். முந்தைய வேலை வெள்ளி மாலை 5 மணிக்கு முடிந்தால், முடிவு மைல்ஸ்டோன் வெள்ளியிலேயே நிற்கும். அதே இடத்தில் தொடக்க மைல்ஸ்டோன் வைத்தால் திங்கள் காலைக்குப் போய்விடும். கெடு வெள்ளிக்கிழமை என்றால், ஒரே வேலைக்கு ஒரு அறிக்கை நேரத்துக்கு முடிந்ததாகவும் இன்னொன்று தாமதம் என்றும் காட்டும். இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. ஏதோ முடிந்ததைக் காட்ட முடிவு வகை, இனி தொடங்கலாம் என்பதைக் காட்டத் தொடக்க வகை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் இந்தப் பிரிவு இல்லை. ஆனால் அங்கே வேறொரு பொறி உண்டு. `Mark task as milestone` என்ற கட்டத்தை டிக் செய்தால் 5 நாள் வேலையும் வைரமாகிவிடும், கடைசி நாளில் மட்டும் தெரியும். கால அளவு அப்படியே உள்ளே இருக்கும். முதல் கேள்வி கேட்டவரின் ஷெட்யூலில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மைல்ஸ்டோன்களை மட்டும் வடிகட்டி `Duration` பத்தியைப் பாருங்கள். பூஜ்யம் இல்லாதவை எல்லாம் வேஷம் போட்ட டாஸ்க்குகள்.

இன்னொருவர்: கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்கிறீர்கள். எங்கள் வாடிக்கையாளர் எப்போதும் "சில குறைகளுடன் ஏற்கிறோம்" என்றுதான் எழுதுவார். அது 0-வா, 100-ஆ?

பதில்: இதில் ஷெட்யூல் போடுபவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. குறை எதுவாயினும் 0 என்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கறாராகப் படுகிறது. அந்தக் குறைகளோடு அடுத்த வேலையைத் தொடங்க முடியுமா என்று பார்ப்பேன். தொடங்கலாம் என்று வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்தால் 100, குறைகளைத் தனி டாஸ்க்காக எழுதி, இறுதி ஒப்படைப்பு மைல்ஸ்டோனுக்கு முன்னால் கட்டிவிடுவேன்.

அதே நபர்: தொடங்கச் சொல்லிவிட்டு, பணம் கொடுக்கும்போது மட்டும் "இன்னும் முடியவில்லை" என்பார்களே?

பதில்: அப்படியானால் உங்களுக்கு வேண்டியது இரண்டு மைல்ஸ்டோன்கள்: அடுத்த கட்டம் தொடங்க ஒன்று, பணத்துக்கு ஒன்று. சோதனை வாசகமும் தனித்தனியாக. வாடிக்கையாளர் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். ஒரே வரியில் இரண்டையும் வைத்திருப்பது அவருக்குத்தான் வசதி.