அடுத்த வீட்டு மதில் என் காணிக்குள் வந்துவிட்டது

"ஐயா, பண்டாரவளையில் அப்பா தந்த காணி, உறுதியும் பிளானும் என் பேரில்தான். மேல்பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் கட்டிய மதில் எங்கள் பக்கம் ஒன்றரை அடி உள்ளே நிற்கிறது, 40 அடி நீளத்துக்கு. கேட்டால், 'இந்தத் துண்டு நிலத்துக்கா சண்டை, வேணுமென்றால் காசு தாரேன்' என்கிறார். இடிக்க வைக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்த ஒன்றரை அடி நீங்களே டேப் பிடித்து அளந்ததென்றால் அதை வைத்து வழக்குப் போடாதீர்கள். பிளானில் இருப்பது கிடைமட்ட நீளம், நம்ம ஊர்ச் சரிவில் டேப்பைத் தரையோடு படுக்க வைத்தால் 20 பாகைச் சரிவில் 60 அடி என்று வருவது பிளான் கணக்கில் 56 அடியும் சொச்சமும்தான். அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு பழைய பிளானை இப்போதைய நிலத்தின்மேல் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மதிலோரம் கொஞ்சம் தோண்டியும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மேலே எல்லையில் நிற்கிற மதிலுக்குக்கூட அத்திவாரம் உங்கள் பக்கம் நீண்டிருக்கலாம், அதுவும் அத்துமீறல்தான்.

அளவு சரியென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் காணி உங்களுடையது என்ற தீர்ப்பையும் மதிலை அகற்றும் கட்டளையையும் சேர்த்துக் கேட்கலாம். நிலம் 60 சதுர அடி, கால் பேர்ச்சுக்கும் குறைவு என்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடாது. இலங்கையில் இதற்கு நடப்பது ரோமன் டச்சுச் சட்டம், அதன்படி நில உரிமையாளருக்கு அகற்றச் சொல்லும் உரிமை உண்டு. இடிப்பதால் வரும் நட்டம் மிகப் பெரிதாகவும், கட்டியவர் நல்லெண்ணத்தோடு தவறியவராகவும், அவர் கட்டும்போது நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவராகவும் இருந்தால், நீதிமன்றம் அகற்றாமல் நட்டஈடு மட்டும் கொடுக்கச் சொல்ல இடமுண்டு. வீட்டு அறை ஒன்று உள்ளே வந்திருந்தால் எனக்கும் அந்தப் பயம் இருக்கும், வெறும் மதிலுக்கு அவ்வளவு இல்லை. ஒரு சிக்கல் மட்டும்: அந்த மதில் மேல்பக்க மண்ணையும் தாங்கி நிற்கிறதென்றால், 'இடித்தால் மண் சரியும்' என்று அவர் சொல்வார், அப்போது இடித்துவிட்டு அவருடைய எல்லைக்குள் புதிதாகக் கட்டச் சொல்லும் வழியையும் மனுவிலேயே எழுத வேண்டும்.

ஆகவே வாயால் சண்டை போட்டது போதாது, இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் எதிர்ப்புக் கடிதம் போகட்டும். காசை வாங்காதீர்கள், வாங்கினால் சம்மதித்ததாகக் கதை திரும்பும். அப்புறம், 10 வருஷம் தடையில்லாமல் உங்களுக்கு எதிராக ஆண்டுவிட்டார் என்றால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி நிலமே அவருக்குப் போய்விடும்.

மதில் எழும்பி 2 மாதம் ஆகவில்லை, அதனால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அமைதிக்குப் பங்கம் வரும் நிலை இருந்தால், 1979இன் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம், அங்கே யாருக்கு உரிமை என்று பார்க்க மாட்டார்கள், கடைசி 2 மாதத்துக்குள் யார் வெளியேற்றப்பட்டார் என்றுதான் பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கின் பெறுமதி குறைவென்றால் முதலில் இணக்க சபைச் சான்றிதழ் தேவைப்படும்.

நீங்களே சம்மட்டி எடுத்துவிடாதீர்கள், அது குற்ற வழக்காக உங்கள் மேலேயே திரும்பும். தீர்ப்பு வந்தும் அவர் அகற்றாவிட்டால் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்து அகற்றுவார், செலவை மதில் கட்டியவரிடமே கேட்கலாம்.