குரோஷே வட்டம் ஏன் குழிகிறது, ஏன் அலையடிக்கிறது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வட்டம் தட்டையாக வர சிங்கிள் குரோஷேக்குச் சுற்றுக்கு 6 இன்க்ரீஸ், டபுளுக்கு 12 என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது?

ஒரு சுற்று போடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு ஸ்டிட்ச் உயரம் கூடுகிறது. ஆரம் எவ்வளவு கூடினாலும் சுற்றளவு அதைப்போல சுமார் 6.28 மடங்கு கூடியாக வேண்டும். பள்ளியில் படித்த 2π தான். சிங்கிள் ஸ்டிட்ச் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமம், அதனால் சுற்றுக்கு ஆறு புது ஸ்டிட்ச் போதும். டபுள் ஸ்டிட்ச் தன் அகலத்தைப்போல இரண்டு மடங்கு உயரம், அதனால் பன்னிரண்டு. சுற்றளவு போதாவிட்டால் ஓரம் உள்ளே இழுத்து கிண்ணம் மாதிரி குழியும். மிஞ்சிவிட்டால் இடமில்லாமல் புடவைக் கொசுவம் மாதிரி மடியும்.

கேள்வி: டபுள் குரோஷேயில் சரியாக 12 கூட்டியும் குழிகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட விடவில்லை.

எண்ணியது சரியாகத்தான் இருக்கும். உங்கள் கைக்குப் பன்னிரண்டு பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதே நூலில், அதே ஊசியில் ஒரு சின்னச் சதுரத்துண்டு பின்னி ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். என்னிடம் காட்டன் மேட் பற்றிக் கேட்ட ஒருவரையும் இப்படித்தான் அளக்கச் சொன்னேன். பத்து ஸ்டிட்ச் 5 செ.மீ., ஐந்து வரிசை 6 செ.மீ. வந்தது. அதாவது ஒரு ஸ்டிட்ச் அகலம் 0.5, உயரம் 1.2. உயரத்தை அகலத்தால் வகுத்தால் 2.4. அதை 6.28-ஆல் பெருக்கினால் 15. முதல் சுற்றில் 15 போட்டு, அடுத்தடுத்த சுற்றிலும் 15 கூட்டினார். மேட் மேஜையில் படிந்து உட்கார்ந்தது.

சிலர் முதல் லூப்பை உயரமாக இழுத்துவிட்டுப் பின்னுவார்கள். அவர்களுடைய டபுள் ஸ்டிட்ச் உயரமாகவும் ஒல்லியாகவும் வரும். குழிவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

கேள்வி: இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு? ஊசியை ஒரு சைஸ் பெரிதாக்கினால் குழிவு போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இறுக்கமாகப் பின்னுகிற கைக்கு அது ஓரளவு உதவும், ஏனென்றால் ஸ்டிட்ச் அகலமாகிறது. ஆனால் உயரமும் கூடவே வளர்கிறதே. இரண்டும் ஒரே அளவில் வளர்ந்தால் வட்டம் பெரிதாகும், குழிவு அப்படியே இருக்கும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் டபுள் குரோஷே, சுற்றுக்கு 6 இன்க்ரீஸ் என்று இருந்தது. அப்படியே போட்டேன், நாலாவது சுற்றிலேயே தொப்பி ஆகிவிட்டது. புத்தகம் தப்பா?

புத்தகம் சரிதான், அது பிரிட்டிஷ் பேட்டர்ன். அவர்கள் டபுள் என்பது நாம் அமெரிக்க வழக்கப்படி சொல்கிற சிங்கிள். நீங்கள் உயரமான ஸ்டிட்ச் போட்டு, தேவையில் பாதிதான் கூட்டியிருக்கிறீர்கள். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அமெரிக்க வழக்கு. எங்குமே சிங்கிள் இல்லாமல் டபுளும் ட்ரெபிளும் மட்டும் வந்தால் பிரிட்டிஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கும் தொப்பி மாதிரிதான் வருகிறது, ஆனால் எனக்குத் தொப்பியே வேண்டும். எத்தனை கூட்ட வேண்டும்?

உங்கள் விஷயம் வேறு. உச்சியைத் தட்டையாகப் பின்னி, தலைக்குப் போதுமான அகலம் வந்ததும் இன்க்ரீஸை நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் கூட்டாமல் பின்னினால் தானே இறங்கும்.

கேள்வி: சிங்கிளில் 6 தான் கூட்டுகிறேன், எட்டாவது சுற்றிலிருந்து அலையடிக்கிறது. முழுவதும் பிரிக்கணுமா?

முதலில் எண்ணுங்கள். ஆறில் தொடங்கியிருந்தால் எட்டாவது சுற்றில் 48 இருக்க வேண்டும். 55, 56 என்று வந்தால் சுற்றுக்கு ஒன்று எங்கோ ஏறியிருக்கிறது. ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு மூடுகிறீர்கள் என்றால் அந்த இணைப்பைக் கிட்டத்தில் பாருங்கள். மூடிய ஸ்லிப் ஸ்டிட்ச் தலையும் ஒரு ஸ்டிட்ச் போலவே தெரியும், சுற்று முடிவில் அதற்குள்ளும் ஒன்று பின்னிவிடுவோம். ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிட்சிலும் ஒரு மார்க்கர் மாட்டுங்கள், கடைசி எது என்று குழம்பாது.

அலை லேசாக இருந்தால் பிரிக்க வேண்டாம். ஒரு சுற்று இன்க்ரீஸே இல்லாமல் பின்னுங்கள், மிஞ்சிய சுற்றளவு அதில் அடங்கும். மேஜையில் வைத்துக் கையால் தடவியும் மடிப்பு நிற்கிறது என்றால், எண்ணிக்கை சரியாக இருந்த சுற்று வரை பிரியுங்கள்.

கேள்வி: எண்ணினேன் அக்கா, 48 சரியாக இருக்கிறது. ஏழாவது சுற்றுக்கப்புறம் நூல் நிறம் மாற்றினேன், அதுவா?

இருக்கலாம். புது நூல் கொஞ்சம் தடிமனாக இருந்தால் ஸ்டிட்ச் அகலமாகும், ஆறே அதிகமாகிவிடும். இரண்டு நூலிலும் பத்துப் பத்து ஸ்டிட்ச் பின்னி அளந்துவிட்டு எழுதுங்கள், பார்ப்போம்.